கண்டக்டரம்மா கேட்டு வாங்கிய சாப்பாடு

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை சும்மா இருக்காது. கண்டக்டரம்மா ஸ்பானிஷ் படித்ததும் அந்தக் கையால்தான். மீந்துபோன பழைய டிக்கெட்டுகளின் பின்பக்கம் ஒன்றுக்கு ஒரு வாக்கியமாக எழுதி விரலிடுக்கில் செருகிக்கொண்டு, வீட்டுக்குள் நடந்தபடியே சொல்லிப் பார்த்தார். "புவெனாஸ் தார்தெஸ்" மதிய வணக்கம். "போர் ஃபவோர்" தயவுசெய்து. இவை இரண்டும் இல்லாமல் எந்தக் கடையிலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

ஸ்பானிஷ் பேசும் துறைமுக ஊர் ஒன்றில் மகனுக்கு வேலை. அவனோடு ஒரு மாதம் இருக்கலாம் என்றுதான் அவரும் கணவரும் வந்தார்கள். மகன் தங்கியிருந்த அறையில் அடுப்பு கிடையாது. வெளியில்தான் சாப்பாடு. கணவர் ரிட்டயரான எலெக்ட்ரீஷியன். இறால், நண்டு, சிப்பி என்று எது வாயில் பட்டாலும் அவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். அந்தப் பயத்தில் மகன் தினமும் மதியம் வேலையை விட்டு ஓடி வந்து, தானே சாப்பாடு சொல்லிவிட்டுப் போனான். நாலாம் நாள் மேலதிகாரி எச்சரித்துவிட்டார்.

"இனிமே என்னால வர முடியாதும்மா. ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட்ட மாத்திடுறேன், ஊருக்குக் கிளம்புங்க," என்றான்.

"நாளைக்கு ஒரு வேளை நாங்களே போயி சாப்பிட்டுட்டு வர்றோம். சரியா நடந்தா மாசம் முழுக்க இருப்போம். இல்லன்னா நீ சொன்ன மாதிரியே கிளம்பிடுறோம்."

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அறுபது பேர அலுங்காம கொண்டுபோயி எறக்குனவடா நான். ஒருத்தர எறக்க மாட்டேனா?"

"நான் என்ன லக்கேஜா?" என்றார் கணவர்.

"லக்கேஜா இருந்தா பேசாம வரும்."

மறுநாள் தெருமுனை உணவகத்துக்குள் நுழைந்ததும் பரிமாறும் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டரம்மாவுக்குப் பழைய பழக்கம் தலைதூக்கியது. நிறுத்தங்களைக் கூவுவதுபோல, வணக்கம், இரண்டு பேருக்கு மேசை, தண்ணீர், சூப், கடைசியாக "லா குவென்தா, போர் ஃபவோர்" வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். உட்காரும் முன்பே பில் கேட்டவர்களை அந்தப் பெண் பார்த்ததில்லை போலும். பேனா அந்தரத்தில் நின்றது.

"மொத ஸ்டாப்புலயே கடைசி ஸ்டாப்பு வரைக்கும் கூவிட்டியே," என்றார் கணவர்.

கண்டக்டரம்மாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட் என்பதுபோல, இனி ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"உனா மேசா பாரா தோஸ், போர் ஃபவோர்." இரண்டு பேருக்கு மேசை. கிடைத்தது.

உட்கார்ந்ததும் முக்கியமான டிக்கெட்டை எடுத்தார். "மி மரிதோ எஸ் அலேர்ஹிகோ அல் மாரிஸ்கோ." என் கணவருக்கு இறால், நண்டு வகை ஒத்துக்கொள்ளாது. அந்தப் பெண் மடமடவென்று ஏதோ பதில் சொன்னாள். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்," என்றார். கொஞ்சம் மெதுவாக. அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னபோது, கூட்ட இரைச்சலில் பயணியின் ஊர்ப்பெயரை மட்டும் பிடிக்கும் காது, வேண்டிய சொற்களைப் பிடித்துவிட்டது. சூப் கூடாது, கோழியும் சோறும் சாப்பிடலாம்.

பின்படிக்கட்டைத் திரும்பிப் பார்க்காமல் அவர் ஒருநாளும் விசில் ஊதியதில்லை. "புவேதே பிரெகுன்தார் என் லா கொசீனா?" என்றார். சமையலறையில் கேட்டுச் சொல்ல முடியுமா?

"அதான் சொல்லிட்டாளே, பசிக்குதுடி," என்றார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க."

உள்ளே போன பெண் சமையல்காரரையே அழைத்து வந்தாள். அவர் உள்ளே இருந்த சோற்றுப் பாத்திரத்தைச் சுட்டி, கூடாதென்று தலையாட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அன்றைய சோறு இறால் தலை போட்டுக் காய்ச்சிய சாற்றில் வெந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. "பெர்தோன், செஞோரா," என்று மன்னிப்புக் கேட்டாள். கணவர் தண்ணீர்க் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். அதன்பிறகு பசியைப் பற்றி அவர் பேச்செடுக்கவே இல்லை.

சமையல்காரர் தனி வாணலியைக் கழுவி, கோழியும் உருளைக்கிழங்கும் பொரித்துத் தானே கொண்டுவந்தார். எந்த ஊர், என்ன வேலை என்றும் விசாரித்தார். ஊரைச் சொல்லிவிட்டு, "சொய் கொப்ரதோரா தெ அவுதொபூஸ்," என்றார் கண்டக்டரம்மா. நான் பஸ் கண்டக்டர். சமையல்காரர் நெஞ்சில் கை வைத்து, தன் அம்மாவுக்கும் அதே வேலைதான் என்றார். அது புரிய கண்டக்டரம்மாவுக்கு எந்த டிக்கெட்டும் தேவைப்படவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு, இந்த முறை சரியான இடத்தில், "லா குவென்தா, போர் ஃபவோர்," என்றார். பரிமாறிய பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

வெளியே வருவதற்குள் மகனின் போன் வந்தது. கணவர்தான் எடுத்தார்.

"நல்லாருக்கேன்டா. நீயா இருந்திருந்தா அந்தப் பொண்ணு சொன்னதோட விட்டிருப்ப. உங்கம்மா சமையக்காரரையே வெளிய வரவச்சுட்டா."

 "அப்ப டிக்கெட்ட மாத்தலப்பா," என்றான் மகன்.

கண்டக்டரம்மா நிமிர்ந்து நடந்தார். விரலிடுக்கில் இருந்த டிக்கெட்டுகளில் ஒன்றைக்கூட அவர் கிழிக்கவில்லை. நாளைக்கும் மதியச் சாப்பாடு உண்டல்லவா.