ஜெர்மன் நோட்டீஸில் பதினோராவது கட்டம்

கார்குழலிக்குத் திருவொற்றியூர் வார்ப்பாலையின் ஸ்டோரில் வேலை. ஜெர்மன் இயந்திரங்களோடு வந்த கையேடுகளை அகராதியும் கையுமாகப் படித்தே அந்த மொழியைப் பிடித்தாள். பேச வராது. எழுதியிருப்பதைச் சொல்வாள், தெரியாததைத் தெரியாது என்பாள்.

2006 செப்டம்பர் ஒன்பது, சனிக்கிழமை மதியம். பக்கத்துத் தெரு பச்சையம்மா, மகன் சித்தார்த்தோடு வந்து நின்றாள். போன வருஷம் ஹாம்பர்க் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன் அவன். அங்கே அவனோடு தங்கியிருந்தவன், சித்தார்த் பெயருக்கு வந்த வரி நோட்டீஸைப் படமெடுத்து மெயிலில் அனுப்பியிருந்தான்; அதன் பிரிண்ட் சித்தார்த் கையில் இருந்தது. ‘1284 யூரோ கட்டணும், ஒரு மாசம்தான் டைம்’ என்று ஒரு குறிப்பு வேறு. பச்சையம்மாவின் மடியில் வளையலும் செயினும் கைக்குட்டையில் முடிந்திருந்தன.

"குழலி, அந்த துட்டு கரெக்டான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. அடகுக்கடைக்காரன் ரெண்டு மணிக்கு சாத்திகினு பூடுவான்."

"ஒண்ணுத்த மட்டும் பார்க்க மாட்டேன் யக்கா. மேலேர்ந்து வரேன்."

"இவ ஒருத்தி! பத்து காசு கேட்டா பஞ்சாங்கம் படிப்பா."

கார்குழலி சிரித்தபடி கோடு போட்ட தாளில் எண்ணிட்டு எழுதினாள். முதலில் சித்தார்த்தின் வரி எண். நோட்டீஸின் தேதி: ஆகஸ்ட் 14. எட்டாவது கட்டம், விதிக்கப்பட்ட வருமான வரி: 1.284,00. புள்ளியும் காற்புள்ளியும் அங்கே இடம் மாறி வரும் என்பதால், பக்கத்திலேயே நம் கணக்கில் 1,284 என்று குறித்தாள். ஒன்பதாவது, சம்பளத்தில் பிடித்த வரி: 1.610,00.

சித்தார்த் எட்டிப் பார்த்தான். "பிடிச்சாங்களா? எப்போ?"

"மாசாமாசம் உன் சம்பளத்துலதான். இரு."

பதினோராவது கட்டத்தின் பெயர் தெளிவாக இருந்தது: ஆக, அதிகமாகச் செலுத்தப்பட்டது. தொகையின் மேல் கேமரா ஃபிளாஷ் வெள்ளையாய் அடித்திருந்தது. ‘படத்தில் தெரியவில்லை’ என்று எழுதினாள்.

"கழிச்சா முந்நூத்தி இருபத்தாறு வருதே, அதையே எழுதேன் அத்தே" என்றான் அவன்.

"அது நீ கழிச்சது. அவன் இன்னா போட்டிருக்கான்னு எனக்குத் தெரியல." ஓரத்தில் பென்சிலால் 326 என்று போட்டுக் கேள்விக்குறி வைத்தாள். "யக்கா, நீங்க கட்ட வேண்டியது ஒண்ணுமில்ல. அவங்கதான் திருப்பித் தரணும்."

"அப்போ அந்த ஒரு மாசம்?"

"ஆட்சேபம் சொல்றதுக்கு. தபால்ல போட்ட மூணாம் நாள்லேர்ந்து ஒரு மாசம். இந்த மாசம் பதினேழு ஞாயித்துக்கெழம, அதனால பதினெட்டு வரைக்கும். துட்டு கட்டறதுக்கு இல்ல."

கடைசிக் கட்டத்தில் பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் எண் இருந்தது. அதைப் பார்த்ததும் சித்தார்த் தலையில் கை வைத்தான்.

"அந்தக் கணக்க ஊருக்குக் கெளம்பி வரச்சொல்லவே மூடிட்டேனே!"

"புதுக் கணக்கு நம்பர் போட்டு, கையெழுத்து வெச்சு வரி ஆபீஸுக்கு எழுதணும். எனக்கு ஜெர்மன்ல எழுத வராது. இங்கிலீஷ்ல எழுது, உன் வரி நம்பர மட்டும் இந்தத் தாளப் பார்த்து அப்படியே இறக்கு."

பச்சையம்மா கைக்குட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு வளையலாகக் கையில் ஏற்றத் தொடங்கினாள்.