எம்.பி. ஜாக்ஸ் என்ற ஆள் இல்லை

அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில், புடவைக் கடைகளுக்குப் பின்னாலிருக்கும் அபார்ட்மெண்டில் கண்மணி ஆன்ட்டி குடியிருக்கிறார். தூத்துக்குடிக்காரர். சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில் உதவித்தொகையில் கார்கிவ் நகரத்துக்குப் போய் சிவில் எஞ்சினியரிங் படித்தவர். கட்டடம் எதுவும் கட்டவில்லை. சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பழைய ரஷ்யச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறார். எடிசனில் நான் வேலை பார்க்கும் குடியேற்ற வழக்கறிஞர் மாதவின் அலுவலகம்தான் அவருக்கு அதிகமாக வேலை கொடுக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். வாப்பா மளிகைக் கடையில் நிற்கிறார். "லாயர் ஆபீஸ்ல இருக்கா எங்க ஃபைஹா" என்று எல்லோரிடமும் சொல்வார். நான் அங்கே செய்வது படிவம் நிரப்புவது, ஸ்கேன் எடுப்பது. இதற்காகவா படித்தேன் என்று ரயிலில் யோசிப்பேன். பதில் வருவதற்குள் மெட்ரோபார்க் ஸ்டேஷன் வந்துவிடும்.

போன வசந்தத்தில் லுத்மிலா எங்களிடம் வந்தார். மால்டோவாவில் பிறந்து இப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், எடிசனில் ஒரு டேகேரில் வேலை. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள அவரே மனு போட்டிருந்தார். அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அரசிடமிருந்து பதிலுக்குக் கேள்விதான் வந்தது. நீ இவருடைய மகள் என்பதற்கு நீ கொடுத்த பிறப்புச் சான்றிதழை எந்த அலுவலகம் வழங்கியது? கையெழுத்திட்டதாகக் காட்டப்படும் எம்.பி. ஜாக்ஸ் என்பவர் யார், என்ன பதவி?

மாதவ் சிரித்தார். "யாரு ஃபைஹா இந்த எம்.பி.? எந்தத் தொகுதி?"

ரஷ்ய மொழியிலிருந்த அதை லுத்மிலா ஏதோ ஒரு கடையில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்கியிருந்தார். நான் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஐசலினுக்குப் போனேன்.

கண்மணி ஆன்ட்டி பச்சை நிற அட்டை போட்ட அந்தப் பழைய சான்றிதழைத் திறந்து பார்த்ததும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இது ஆளு இல்லடி. ஜாக்ஸ்னா பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பதியற ஆபீஸ். பெரிய பேரு, நாலு எழுத்தா சுருக்கிட்டான். ரஷ்யாக்காரன் எல்லாத்தையும் சுருக்குவான்."

"அப்ப எம்.பி.?"

"முத்திரை குத்தற எடம்னு ரஷ்யன்ல சுருக்கமா ரெண்டு எழுத்து. ஃபார்ம்லயே அச்சடிச்சிருக்கும், இங்க குத்துன்னு. ஆபீஸ் கிளார்க்கு கையால ஜாக்ஸ்னு எழுதுனதையும் கீழ இருக்கற அச்சையும் சேத்து ஒரு மனுஷனையே பெத்துட்டாங்க."

லுத்மிலாவுக்கு அதை ரஷ்ய மொழியில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். வருஷத்துக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை எழுத்து 'ஆண்டு' என்பதற்கான சுருக்கம், ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நான்கெழுத்து மால்டோவா சோவியத் சோஷலிசக் குடியரசு என்று ஒவ்வொன்றையும் விரித்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டே போனார். பதிவு எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் வேலை முடிந்தது என்று பையைத் தோளில் மாட்டினேன்.

அவர் கை நின்றது. சான்றிதழை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கீழ் மூலையில் எப்போதோ தண்ணீர் பட்டிருந்தது. காகிதம் அலையலையாக நெளிந்திருந்ததே தவிர, வண்ணம் எதுவும் இல்லை.

பிறகு தட்டினார். திரையில் நான் படித்தேன்: 'முத்திரைக்கான இடம். முத்திரைப் பதிவு எதுவும் தெரியவில்லை.'

லுத்மிலாவும் படித்தார். அவருடைய முகம் மாறியது. ரஷ்ய மொழியில் வேகமாகப் பேசினார். எனக்குப் புரியவில்லை, ஆனால் கெஞ்சல் என்று தெரிந்தது. ஆன்ட்டி முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் லுத்மிலா ஆங்கிலத்துக்கு மாறி என்னைப் பார்த்துச் சொன்னார்: "முத்திரை இருந்தது. நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஊதா நிறம். ஒரே ஒரு வார்த்தை எழுதச் சொல், முத்திரை என்று."

நான் மாதவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆன்ட்டி, ஃபார்ம்லயே முத்திரைன்னு இருக்குல்ல? அத அப்படியே டிரான்ஸ்லேட் பண்ணுங்க, போதும். யாரு வந்து பாக்கப் போறா?"

"ஃபார்ம்ல முத்திரைக்கு எடம்னு இருக்கு மாதவ். எடம் இருக்கு, முத்திரை இல்ல. முழுசாவும் சரியாவும் டிரான்ஸ்லேட் பண்ணிருக்கேன்னு கீழ கையெழுத்துப் போடறது நீங்களா, நானா?"

"இப்படி எழுதினா சந்தேகம்தான் வரும்."

"வரட்டும். ஒரிஜினல் பாத்தா நாளைக்கு அவங்களுக்கே வரும்."

லுத்மிலா சான்றிதழைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் கதவருகே நின்றேன். எனக்கும் கோபம்தான். உடைந்த இடுப்போடு ஒரு கிழவி அங்கே படுத்திருக்க, இங்கே ஒரு வார்த்தைக்கு இவ்வளவா?

"ஏன் ஆன்ட்டி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். "நான் இங்க வந்ததும் என் டிப்ளமாவ ஒருத்தர்கிட்ட டிரான்ஸ்லேட் பண்ணக் குடுத்தேன். சில பாடத்துக்கு மார்க்கே கிடையாது, பாஸுன்னு சுருக்கமா மூணு எழுத்து போடுவான். அந்தப் புண்ணியவான் பாவம் பாத்து எல்லாத்தையும் 'ஏ'ன்னு போட்டுட்டாரு. டிகிரிய மதிப்பிடற ஆபீஸ்ல ரஷ்யன் தெரிஞ்சவன் இருந்தான். பேப்பரே பொய்னு திருப்பி அனுப்பிட்டான். அப்புறம் சரியானதக் குடுத்தும் நம்பல. எனக்கு நல்லது பண்ணணும்னுதான் பண்ணாரு."

அவ்வளவுதான் சொன்னார். கண்மணி ஆன்ட்டி எஞ்சினியர் ஆகாத கதையை அவருடைய கணவர் கிட்டுசாமி வேறு மாதிரி சொல்வார், பிள்ளைகள், விசா, சோம்பல் என்று. எது முழுக் காரணம் என்று எனக்குத் தெரியாது.

நான் ஓடிப்போய் லுத்மிலாவைப் பார்க்கிங்கில் பிடித்தேன். அவர் என் கார் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றார். ஆன்ட்டி வீட்டுச் செருப்போடு பின்னாலேயே வந்து அவர் கையைப் பிடித்து ரஷ்ய மொழியில் நிதானமாக ஏதோ சொன்னார். பிறகு எனக்கும் சொன்னார்: "பதிவு எண் தெளிவா இருக்கு. அந்த நம்பர வச்சு ஊர்ல புதுச் சான்றிதழ் கேக்கலாம். பழைய பதிவேட்ட அவங்க எரிச்சிருக்க மாட்டாங்க."

ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் லுத்மிலாவின் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பதிவு அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அலுவலகத்தில் முதலில் அலைக்கழித்தார்கள். அரசின் கேள்விக்கு நாங்கள் பதில் அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. மாதவ் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் சான்றிதழ் வந்தது, பளிச்சென்ற வட்ட முத்திரையோடு.

கண்மணி ஆன்ட்டியிடம் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ரொமேனியன்டி. இப்ப அந்த நாட்டுல ரஷ்யன்ல குடுக்கறதில்ல. எனக்குத் தெரியாது. வேற ஆளப் பாரு."

"நம்பர் மட்டும் பாருங்களேன்."

பார்த்தார். பழைய சான்றிதழிலிருந்து அவர் எழுதிவைத்த அதே எண், அதே தேதி. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

புதியதையும் வேறொருவர் செய்த அதன் மொழிபெயர்ப்பையும், முத்திரை தெரியவில்லை என்று ஆன்ட்டி எழுதிய பழையதையும் சேர்த்து அனுப்பினோம். எம்.பி. ஜாக்ஸ் ஓர் ஆள் அல்ல என்று மாதவ் ஒரு பக்கம் விளக்கம் எழுதினார். மனு ஏற்கப்பட்டது.

லுத்மிலாவின் அம்மா போன மாதம் நெவார்க் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அடுத்த ஞாயிறு ஐசலினுக்கு அழைத்து வந்தார்கள். மாடி ஏற முடியாததால் காரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி கீழே இறங்கிப் போய்க் கார் கண்ணாடி வழியாகக் குனிந்து பேசினார். கிழவி ஏதோ கேட்க, ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன கேக்கறாங்க ஆன்ட்டி?"

"அந்த ஜாக்ஸுங்கறவனக் கண்டுபிடிச்சாச்சான்னு."