பெருநாள் வரை இருபது வீதக் கழிவு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். ஏறாவூரில் பிள்ளைகளின் உடுப்புக் கடை வைத்திருக்கும் ஒருத்திக்கு இரண்டுமே ஆகாது என்று என் கணவர் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போய்விட்டார். ஆனாலும் இன்றைக்கு எங்கள் கடை நோட்டீஸை வாசித்துவிட்டு யாரும் எனக்கு எதிராக வாய் திறப்பதில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை, ஓட்டமாவடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு ராத்தா; அக்காவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு நான் நன்றி சொல்லி முடிக்கப் போவதில்லை.

கடை திறந்து எங்களுக்கு அது முதல் நோன்புப் பெருநாள். புதுக் கடை, யாருக்கும் எங்களைத் தெரியாது. அந்த ஒரு மாதத்தில் பெயர் எடுத்தால்தான் அடுத்த வருஷம் கடை இருக்கும். அதனால் ஒரு கழிவு அறிவிப்போம் என்று முடிவெடுத்து, நோன்பு பதினைந்திலே பேஸ்புக்கில் போட்டேன், கடை முகப்பில் பெனரும் கட்டினோம். "பெருநாள் வரை எல்லாப் பிள்ளைகள் உடுப்புக்கும் இருபது வீதக் கழிவு." வசனம் என்னுடையது. எழுதிவிட்டு, ஆஹா, எவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கழிவு உண்மையானதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைக் கூட்டி ஒட்டிவிட்டுப் பிறகு வெட்டுகிற வேலை எங்களிடம் இல்லை. நோன்புக்கு முன் எந்த விலைக்கு விற்றோமோ அந்த ஸ்டிக்கரின் மேலேதான் இருபது வீதத்தைக் குறைத்தோம். பிழை வேறு இடத்தில் இருந்தது. பெருநாள் எப்போது என்று எனக்குத் தெரியாது. எனக்கு மட்டுமா, யாருக்குமே தெரியாது. இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள், நோட்டீஸ் எழுதும்போது மட்டும் அதை மறந்துவிட்டேன்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று காலையிலிருந்தே வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. இன்றைக்குப் பிறை நிச்சயம், நாளைக்குப் பெருநாள் நிச்சயம் என்று ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொன்னார்கள். நானும் நம்பினேன். பெரிய அட்டையில் சிவப்பு மையால் "இன்றே கடைசி நாள்" என்று எழுதி வாசலில் நிறுத்தினேன். பகல் முழுக்கச் சனம். நோன்பு வாயோடு முண்டியடித்து வந்து எடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வானொலியில் அறிவித்தார்கள். நாட்டின் எந்தப் பகுதியிலும் பிறை தென்படவில்லை, நாளை முப்பதாம் நோன்பு.

"இப்ப என்ன செய்றது? நாளைக்கும் கழிவு குடுக்கணுமே" என்றார் கணவர்.

"என்னத்துக்கு? இன்டைக்குக் கடைசி நாள் என்டு எழுதியாச்சு. முடிஞ்சுது" என்றேன்.

"பெருநாள் வரை என்டும் எழுதியிருக்கு."

"அதப் பார்க்கிறவங்க பார்க்கட்டும். இனி வாறவங்க கடைசி நேரத்துச் சனம். எந்த விலை சொன்னாலும் எடுப்பாங்க."

இந்த வாயால்தான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது. மறுநாள் காலை பெனரைக் கழற்றிச் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, முழு விலைக்கு விற்கத் தொடங்கினேன். பத்து மணிக்குள் ஏழெட்டுப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

பிறகுதான் அந்த ராத்தா வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடியிருக்கும். வெயிலில் வந்த முகம். மூன்று பிள்ளைகளின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அரை மணித்தியாலம் பார்த்துப் பார்த்து இரண்டு சட்டை, மகளுக்கு ஒரு கவுண் எடுத்து மேசையில் வைத்தார். நான் கூட்டித் தொகையைச் சொன்னேன். அவர் மறுபடி தன் தாளைப் பார்த்தார்.

"கழிவு கழிக்கலியே?"

"கழிவு நேத்தோட முடிஞ்சு ராத்தா."

அவர் சத்தம் போடவில்லை. கைபேசியை எடுத்து, என்னுடைய அந்தச் சுருக்கமான வசனத்தைத் தேடி என் முன்னால் வைத்தார்.

"பெருநாள் வரை என்டு நீங்கதான போட்டிருக்கிங்க. பெருநாள் நாளைக்குத்தான? இன்டைக்கு எனக்கு நோன்பு. உங்களுக்கு நோன்பில்லியா?"

கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நேத்து வாசல்ல பெரிசா எழுதி வச்சமே, இன்டைக்குக் கடைசி என்டு!"

"வாசல்ல எழுதினா ஓட்டமாவடியில இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? இதப் பார்த்துத்தான் பஸ் ஏறினன்."

"இப்ப நான் என்ன செய்ய? வேணுமென்டா எடுங்க, வேணாமென்டா விடுங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் மூன்று உடுப்பையும் ஒழுங்காக மடித்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். "உங்கட எழுத்த நம்பினது என்ட பிழை" என்றார். போய்விட்டார். பின்னால் நின்ற பெண்களும் ஒன்றும் எடுக்காமல் போனார்கள்.

கணவர் மேசைக்குக் கீழிருந்து பெனரை இழுத்து விரித்து, என் முன்னால் தரையில் போட்டுவிட்டு நின்றார். பெருநாள் வரை. என் எழுத்து. அன்றைக்குத்தான் அதை ஒரு வாடிக்கையாளராக வாசித்தேன். அதில் சந்தேகமே இல்லை. நான் சொன்ன சொல்லை நானே உடைத்திருக்கிறேன். இன்னொன்றும் விளங்கியது. இன்றைக்குக் கழிவு கொடுத்தால் நேற்றைய சிவப்பு அட்டை பொய், கொடுக்காவிட்டால் இந்தப் பெனர் பொய். இரண்டு அறிவிப்பு எழுதி, இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் வேண்டும் என்ற இடத்துக்கு என்னை நானே கொண்டுவந்திருந்தேன். அல்லாஹ்வே, இதற்கா இவ்வளவு மெச்சிக்கொண்டேன்!

பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். நல்லவேளை, பஸ் வரவில்லை.

"ராத்தா, வாங்க. இருபது வீதம் குறைச்சுத் தாறன். என்ட பிழைதான்."

அவர் எழும்பவில்லை. "எனக்கு மட்டுமா?"

"ஓம், உங்களுக்குத்தான் தாறன்."

"அப்ப வேணாம் தங்கச்சி. எனக்கு மட்டும் தந்தா அது உங்கட இரக்கம். எழுதினபடி எல்லாருக்கும் தந்தாத்தான் அது கழிவு. நான் இரக்கம் கேட்டு வரல்ல."

வெயிலில் நின்று அதைக் கேட்டேன். கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. "வாங்க, நீங்க பக்கத்துல நில்லுங்க, நான் எழுதுறன்" என்றேன். அப்போதுதான் எழும்பினார்.

நேற்றைய அட்டையின் மறுபக்கத்தில் எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகக் கேட்டார். "நேற்று இன்றே கடைசி நாள் என்று எழுதியது எங்கள் பிழை. பெருநாள் வரை என்று முதலில் எழுதியதே செல்லும். இன்று கடை மூடும் வரை இருபது வீதக் கழிவு உண்டு. இன்று காலை முழு விலை கொடுத்தவர்கள் பில்லுடன் வந்தால் மிச்சத்தைத் திருப்பித் தருவோம்." கடைசி வரியைச் சொன்னவரும் அவர்தான். எல்லா எழுத்தும் ஒரே அளவு. அதையே பேஸ்புக்கிலும் போட்டேன். ராத்தா அந்த மூன்று உடுப்பையும் கழிவு விலைக்கே எடுத்து, தன் நம்பரையும் தந்துவிட்டுப் போனார்.

மாலைக்குள் காலையில் வாங்கியவர்களில் ஐந்து பேர் பில்லோடு வந்தார்கள். முந்தின நாள் ஓடி வந்த ஒருத்தி அட்டையை வாசித்துவிட்டு, "என்னகா, உங்கட கடைசி நாளுக்கு நான் நோன்புக் கஞ்சி கூடக் காய்ச்சாம ஓடி வந்தன்!" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்தாள். கிண்டலோடு இன்னொரு தொப்பியும் எடுத்துப் போனாள். கடைக்கு அன்றைக்கு வந்த பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது.

அடுத்த வருஷம் நோட்டீஸை அச்சகத்துக்கு அனுப்ப முதல் ஓட்டமாவடி ராத்தாவுக்குத்தான் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருக்கும் ஆசைதான் போலும், கேள்வி கேள்வியாக அனுப்பினார். எல்லாத்துக்குமா என்று கேட்டார். இல்லை, புதிதாக வந்த கவுண்களுக்கு இல்லை என்றேன். அப்படியானால் அதை முதல் வரியிலேயே போடுங்க, பஸ் ஏறின பிறகு அறியக் கூடாது என்றார். எந்த விலையிலிருந்து குறைப்பு? நோன்புக்கு முந்திய விலையிலிருந்து என்று சேர்த்தேன். மாற்றித் தருவீங்களா? ஏழு நாளுக்குள், பில்லோடு, போடாத உடுப்பென்றால். கடைசியாக அவர் கேட்டது: "பிறை தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

யோசித்து, பெருநாள் என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். திகதியைப் போட்டு, "சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை. அன்று பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கழிவு அத்துடன் முடியும்" என்று எழுதினேன். மணியைப் போடச் சொன்னவரும் அவரே.

"இப்படி எழுதினா யாரு வருவா? நிபந்தனைகள வாசிச்சிட்டுப் போயிருவாங்க" என்றார் கணவர். வந்தார்கள். வந்தவர்கள் மேசையில் வாக்குவாதம் செய்யவில்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பெனரைக் கழற்றினேன். ஐந்து இருபதுக்கு ஓட்டமாவடி ராத்தா உள்ளே வந்தார். வழியில் பஸ் பழுதாகி, எல்லோரும் இறங்கி நின்றார்களாம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இளைய மகனுக்கு ஒரு சட்டை எடுத்து மேசையில் வைத்தார். கடையில் இன்னும் மூன்று பேர் முழு விலை கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

நான் மெல்லக் குனிந்து, "ராத்தா, உங்களுக்குக் கழிச்சு விடுறன்" என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்.

"அஞ்சு மணி என்டு போடச் சொன்னதே நான்தானகா" என்று சிரித்துவிட்டு, முழுக் காசையும் எண்ணி என் கையில் வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "பில் தாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.