எட்டு லிட்டர் வாளி

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்களில் பிழை இருக்காது.

சேலத்தில் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் இருபது வருடமாக எடைபோட்டுப் பார்சல் கட்டுகிறேன். வாங்குபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விவரத்தாள் வேண்டும் என்றார் முதலாளி. வாய் விட்டம், உயரம், தகட்டின் கனம், எடை, கொள்ளளவு எல்லாவற்றையும் நானே அளந்து எழுதினேன். சாம்பார் வாளிக்கு, ‘இரண்டு விரல்கடை குறைய, 8 லிட்டர்’ என்று போட்டேன், அதாவது விளிம்புக்கு இரண்டு விரல் அகலம் கீழே வரை.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மாணவர் விடுதியின் சமையல் பொறுப்பாளர் அம்மா, நாற்பது வாளியும் சாப்பாட்டுத் தட்டுகளும் வாங்க வந்தார். வேறொரு பட்டறையின் தாளும் மாதிரி வாளியும் கையில் இருந்தன. அந்தத் தாளில் 10 லிட்டர்.

“அவங்களுது பத்து, உங்களுது எட்டுங்களா? அப்போ நான் அங்கியே வாங்கிக்கறேனுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். “என்னங்கண்ணா, குறைச்சு எழுதிப்போட்டீங்களே.”

நாற்பது வாளி என் பேனாவால் போய்விடும் போலிருந்தது. எனக்குப் பேச வராது. இரண்டு வாளிகளையும் தராசுப் பக்கம் கொண்டுபோனேன். வெறும் வாளியை வைத்துத் தராசைப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு, தண்ணீர் ஊற்றினேன். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர். ததும்ப ஊற்றினால் இரண்டுமே பத்துதான்.

“இப்படியே மாடிப்படி ஏறுனா பாதி சாம்பார் படியிலதானுங்க போவும்” என்று அந்த அம்மா சிரித்தார். “சரி, ரெண்டு விரல்கடைன்னு போட்டிருக்கீங்களே, யாரு விரலுங்க? எங்க சமையல்காரர் விரல வெச்சா ஏழு லிட்டருதான் நிக்கும்.”

அது நான் யோசிக்காதது. என் விரலைத்தான் எல்லார் விரலாகவும் நினைத்திருந்தேன். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நாலு சென்டிமீட்டர் இருந்தது. அந்தப் பட்டறை வாளியிலும் விளிம்பிலிருந்து அதே நாலு சென்டிமீட்டர் கீழே வரை தண்ணீரைக் குறைத்தேன். எட்டு.

தாளில் பழைய வரியை அடித்து, ‘விளிம்பு வரை 10 லிட்டர், விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வரை 8 லிட்டர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கொள்ளளவு ஒன்றான பிறகு அந்த அம்மா அடுத்த வரிக்குப் போனார். எங்கள் தகடு 0.8 மில்லிமீட்டர், அவர்களுடையது 0.6. இரண்டையும் எடைபோடச் சொன்னார். எங்களுடையது முந்நூறு கிராம் கூடுதல்.

“வாளி உங்ககிட்ட எடுத்துக்கறேனுங்க. தட்டு அவங்ககிட்டத்தான், அது அவங்களுது கனமா இருக்குது.”

தட்டு போனதில் முதலாளிக்கு வருத்தம். எனக்கு இல்லை. தாள் சரியாக இருந்தால் அப்படித்தான் நடக்கும்.

அன்று மாலையே எல்லாத் தாள்களிலும் விரல்கடையை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொன்றின் அடியிலும் அளந்த நாளையும் போடுகிறேன். அதே பழக்கத்தில் இங்கேயும்: தை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை.