முப்பத்தாறு வாரத்துக்குள்

தலைப்பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்தவள், பிரசவத்துக்கு முன்பே விமானம் ஏறித் திரும்பிப் போனேன். இதை யாரிடம் சொன்னாலும் "அதுக்கென்ன, நல்லபடியா பொறந்துச்சில்ல?" என்கிறார்கள். நல்லபடியாகத்தான் பிறந்தது. ஆனாலும் அந்த நாட்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வளைகாப்புக்காக ஏழாம் மாதம் புனேயிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் அதியமான்கோட்டை வந்து சேர்ந்தேன். அப்போது விமான நிறுவனம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. வளையல் குலுங்க, அம்மா வீட்டிலேயே குழந்தை பெற்று, மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. அப்பா இல்லை. நான் ஒரே மகள். அம்மா என் பிரசவத்துக்கென்றே பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் அம்மா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டு, ஒன்றரை மாதமாவது கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே இடது கையால் எனக்கு வெந்நீர் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாங்கப் போனால் கத்தினாள். என்னைத் தூக்கவிட்டால் எனக்கு ஆகாது, அவள் தூக்கினால் அவள் கைக்கு ஆகாது. இதில் பச்சைக் குழந்தையும் வந்தால்?

"இங்க எங்கம்மா இருக்காங்க. நீ கிளம்பி வந்துடு" என்றார் கணவர், புனேயிலிருந்து போனில். மாமியாருக்குச் சொந்த ஊர் எங்கள் பக்கத்து மொரப்பூர்தான், ஆனால் எங்களோடு புனேயில் இருந்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"மொதப் பிரசவத்த மாமியா வூட்ல பாக்கறதா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றாள். அப்புறம், "சரி, உன் இஷ்டம்" என்றாள்.

இந்த முறை அப்படியே ஏறிவிட முடியாது என்று விமான நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் சொன்னார்கள். முப்பத்திரண்டு வாரம் தாண்டிவிட்டால் மகப்பேறு மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். அது பயணத்துக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். முப்பத்தாறு வாரம் தாண்டினால் சான்றிதழ் இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். இரட்டைக் குழந்தை என்றால் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதி கொஞ்சம் மாறும், எங்களுடையதில் இப்படி என்றார்கள்.

தர்மபுரியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். ஒற்றைக் கரு, இத்தனையாவது வாரம், பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதி, சிக்கல் எதுவும் இல்லை, விமானத்தில் போகத் தகுதியானவர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

எந்த நாளுக்கு டிக்கெட் போடுவது என்பதைத்தான் அம்மா பிடித்துக்கொண்டாள். "செவ்வாக்கெழம வடக்க சூலம். வேணாம் கண்ணு." அடுத்த நாள் அஷ்டமி. அதற்கடுத்த நாள் நவமி. பிறகு கரிநாள். வயிற்றுப்பிள்ளைக்காரி கெட்ட நாளில் வாசல்படி தாண்டக்கூடாது என்றாள். காலண்டர் பார்த்துத்தானே சொல்கிறாள் என்று நானும் தள்ளிப்போட்டேன். சான்றிதழின் ஏழு நாள் முடிந்துபோயிற்று.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். முப்பத்தைந்து வாரம் முடிந்திருந்தது. அவர் எழுதப் பேனாவை எடுத்ததும் அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"ஏங்க டாக்டரம்மா, போக முடியாதுன்னு எழுதித் தர முடியாதுங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்குங்கம்மா?"

"இன்னும் ஒரு வாரம் போனா ஏத்த மாட்டாங்களாமே. நீங்க ஒரு வார்த்த எழுதினா அவ இங்கயே இருந்துக்குவா. என்னால முடியுங்க. ஒத்தக் கையில நான் என்ன வேலதான் செய்யல?"

அப்போதுதான் எனக்கு அந்தச் சூலமும் கரிநாளும் விளங்கின.

"உங்க பொண்ணுக்கு உடம்பு நல்லா இருக்குங்கம்மா. இல்லாத கோளாற என்னால எழுத முடியாது" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "பறக்கலாமான்னு கேட்டா நான் சொல்லுவேன். போகணுமா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும்தான் பேசணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அம்மா மாவுக்கட்டுக் கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்துத்தான் சொன்னேன்: "எழுதிக் குடுத்துருங்க டாக்டர்."

விமானத்தில் அதிக நேரம் ஒரே இடத்தில் உட்காரக்கூடாது, காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல் அடிவயிற்றுக்குக் கீழே தொடையோடு ஒட்டிப் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டினேன். அம்மாதான் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டாள்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். இறங்கும்போது, "ரயில்ல போனா நானும் கூட வந்து வுட்டுட்டு வருவேன்" என்றாள். ஒரு நாளுக்கு மேல் ரயிலில் என்னால் உட்கார முடியாது என்றேன். அது உண்மை. அதைச் சொன்ன குரல்தான் சரியில்லை.

இரண்டு நாள் கழித்து வாடகைக் காரில் பெங்களூர் விமான நிலையம் போனோம். அம்மாவும் வந்தாள். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று இடது கையால் என் கன்னத்தைத் தடவினாள். "பெல்ட்டக் கீழ போடு. தண்ணி குடி" என்றாள். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, கண்ணாடிக்கு வெளியே வேறு யாரோ ஒரு பெண்ணை நான் என்று நினைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுண்ட்டரில் சான்றிதழைப் படித்துத் தேதியைச் சரிபார்த்தார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று கணவர் அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையைக் காசு கொடுத்துப் பிடித்திருந்தார். "கர்ப்பமா இருக்கறவங்கள அங்க உக்கார வைக்கக் கூடாது மேடம். ஆபத்துன்னா கதவத் தொறந்து உதவக்கூடியவங்கதான் அங்க இருக்கணும்" என்று சொன்ன அந்தப் பெண், முன்வரிசையில், கழிவறைக்கு அருகே, நடைபாதை ஓர இருக்கை ஒன்றை மாற்றிக் கொடுத்தார். சக்கர நாற்காலி வேண்டுமா என்றும் கேட்டார்.

இருக்கை நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விமானப் பணிப்பெண் இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்தார், கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்தார். எழுந்து நடக்க யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமாக இப்படி வலியில்லாமல் நான் உட்கார்ந்ததே இல்லை. அந்த நேரம் அம்மா குலுங்கும் காரில், உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, ஓசூரைத் தாண்டித் தனியாகப் போய்க்கொண்டிருப்பாள்.

மகன் புனேயில் பிறந்தான். மாமியார் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு அம்மா ரயிலேறி வந்தாள். மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. குழந்தையை முழங்கையில் தாங்கி வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை ஊரிலிருந்து பெரியம்மா போன் செய்தார். முதல் பிரசவத்துக்கு ஏன் பெண்ணை அனுப்பிவிட்டாய் என்று கேட்டிருப்பார் போல.

"நான் எங்க அனுப்பினேன்? டாக்டரம்மாதான் இங்க வேணாம், போயிருன்னு சொல்லிட்டாங்க" என்றாள் அம்மா.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.