நிறுத்துங்க

எங்கள் பயிற்சி நிலையத்தில் அவளை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் சுத்திகரிக்கும் ஒரு மையத்தில் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி வர ஆறு வேன் ஓடுகிறது. அந்த வேன்களுக்கு, எந்த வண்டி எந்த வீட்டுக்குப் போகணும் என்று போனில் சொல்லும் மேஜை அவளுடையது. பத்தொன்பது வருஷமாக அதே மேஜை.

நான் பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். கதவு திறப்பேன், மின்விசிறி போடுவேன், கெட்டுப்போன மவுசை மாற்றுவேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் பதினோரு வருஷம் அந்த அறையில் நின்றவனுக்கு எந்தப் பிள்ளை எதில் சிக்கும் என்று ஓரளவு தெரியும்.

நாற்பத்துநாலு வயசில் அவள் ஏன் போன் ஆப் செய்யப் படிக்க வந்தாள்? அந்த மாசக் கடைசியில் அவள் மேஜையை எடுக்கிறார்கள். இனி டிரைவர்கள் போனிலேயே பட்டியல் பார்த்துக்கொள்ளலாமாம். "இந்தப் படிப்பில் தேறிட்டு வாங்க, அந்த ஆப்பைப் பார்த்துக்கற வேலையை உங்களுக்கே தர்றோம்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து ரெண்டு வருஷமாக உட்கார்ந்தே இருக்கிறார். ஆக, தேறினால் சோறு, இல்லாவிட்டால் வேலை தேடல். அவ்வளவுதான் விஷயம்.

தேர்வுக்குக் கேட்டது பெரிய வித்தை இல்லை. ரெண்டு திரை. முதல் திரையில் ஒரு பட்டியல், அதுதான் லிஸ்ட் வியூ. அதில் ஒரு பெயரைத் தொட்டால் ரெண்டாவது திரை திறந்து அந்த ஆளின் விவரம் வரணும். ஒவ்வொரு திரையும் ஒரு ஆக்டிவிட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் அனுப்புகிற மாதிரி அனுப்புவது இன்டென்ட். அதன் கையில் ஒரு சீட்டும் கொடுத்துவிடலாம். இதெல்லாம் கோட்லின் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதணும். மற்ற பிள்ளைகள் சினிமாப் பெயர், பழப் பெயர் என்று பட்டியல் போட்டார்கள். இவள் தன் அறுபத்திரண்டு நோயாளிகளையும் பதிவேட்டு வரிசைப்படி அடித்தாள். பெயர், முகவரி, சக்கர நாற்காலி வேணுமா, வேண்டாமா.

முதல் வாரம் பெயரைத் தொட்டாலே ஆப் பொத்தென்று விழும். ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைப் பையன்தான் கண்டுபிடித்தான்.

"அக்கா, ரெண்டாவது ஆக்டிவிட்டியை மேனிஃபெஸ்ட்ல எழுதவே இல்லையே. வீட்டையே பதிவு பண்ணாம வேனை அனுப்பினா எங்க போகும்?"

"போடா, என் வேலையை வச்சு எனக்கே பாடமா" என்று அவன் தலையில் தட்டினாள். சரிபண்ணியதும் ஓடியது. வீட்டுக்காரர் சாயங்காலம் போன் போட்டு, "என்னடி, இன்னைக்கு எத்தனை தடவை செத்துச்சு?" என்று கேட்டாராம். "ஒரு தடவைகூட இல்ல" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் ஒரு டிரைவரிடம் காட்டியிருக்கிறாள். "அக்கா, அறுபத்திரண்டு பேர்ல ஒருத்தரை எங்கன்னு தேடறது? அகர வரிசையில போடுங்க" என்றான் அவன். நியாயமான பேச்சு. முதல் திரையில் பெயர்களை வரிசைப்படுத்த ஒரே ஒரு வார்த்தை சேர்த்தாள். முதல் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். முகவரி சரியாக வந்தது. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை தேர்வு. வெளியிலிருந்து வந்த ஆசிரியர் வழுக்கை ஆள், மூக்குக்கண்ணாடி நுனி மூக்கில். நான் ஓரத்தில் வயர் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவள் போனை வாங்கிப் பட்டியலைத் தள்ளினார். நன்றாகத் தள்ளியது. முதல் பெயரைத் தொட்டுவிட்டுப் பின்னால் போகும் பொத்தானை அழுத்தினார், ஒழுங்காகத் திரும்பியது. "நீட்டா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே பட்டியலின் நடுவில் ஒரு பெயரைத் தொட்டார். ரெண்டாவது திரை திறந்தது. பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, மேலே இருந்த பெயரையும் கீழே இருந்த முகவரியையும் வாய்விட்டுப் படித்தார்.

"நிறுத்துங்க!" என்றாள் அவள்.

அறையே திரும்பிப் பார்த்தது. அவள் மேஜைப் பழக்கம் அது. முகவரி சொன்னதும் டிரைவர் அதைத் திருப்பிச் சொல்லணும். தப்பாகச் சொன்னால் இவள் போனில் "நிறுத்துங்க" என்பாள், வண்டி கிளம்பாது. யோசித்துச் சொன்னது அல்ல, வாயில் இருந்தது வந்துவிட்டது.

"என்னம்மா?"

"அது அவங்க வீடு இல்ல சார். அந்த அம்மா மூணாவது மாடி, நடக்க மாட்டாங்க. நீங்க படிச்சது வேற ஒருத்தர் வீடு."

ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "எனக்கு எப்படித் தெரியும்? பேர் சரியாத்தானே வந்திருக்கு?"

அவளுக்கும் உடனே புரியவில்லை. தொட்டது சரியான பெயர், கீழே வேறு ஆள். இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் தப்பு. அப்புறம் மெதுவாக அவளே சொன்னாள். "இன்டென்ட்ல பேரையும், பட்டியல்ல எத்தனாவது இடம்ங்கிற எண்ணையும் அனுப்பினேன் சார். பேர் வரிசைப்படுத்தின பட்டியல்ல இருந்து போகுது. அங்க போய் முகவரியை எடுக்கறது பழைய வரிசைப் பட்டியல்ல. பத்தாவது இடம்னா ரெண்டுலயும் ஒரே ஆள் இல்லையே. முதல் ஆள் மட்டும் ரெண்டுலயும் முதல்ல இருந்துட்டாங்க."

"சரியாத்தான் சொல்றீங்க" என்றார் அவர். பேனா அசையவில்லை. "நான் எல்லாத்துக்கும் டிக் போட இருந்தேன். தெரிஞ்சப்புறம் போட முடியாதும்மா. தொட்ட ஆளோட விவரம் வரணும்னுதான் கேள்வியே. அடுத்த தேர்வு அடுத்த மாசக் கடைசி."

"பத்து நிமிஷம் குடுத்தா மாத்திடுவேன் சார்."

"எல்லாருக்கும் ஒரே நேரம்தான். வெளிய இன்னும் ஏழு பேர் நிக்கறாங்க." கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது எனக்கு.

எல்லோரும் போனபின் அவள் ஓர இருக்கையில் உட்கார்ந்து திருத்தினாள். பெயரை மட்டும் வரிசைப்படுத்தாமல் ஆட்களையே வரிசைப்படுத்தினாள். இடத்தின் எண்ணுக்குப் பதில் ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற பதிவேட்டு எண்ணை அனுப்பினாள். ரெண்டாவது திரை அந்த எண்ணை வைத்து ஆளைத் தேடியது. நாலைந்து வரிதான். காபி ஆறுவதற்குள் முடிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, வாயை மூடிட்டு இருந்திருந்தா டிக் விழுந்திருக்குமே. அப்புறம் சரி பண்ணிக்கலாமே. யாரு கேக்கப் போறா?"

"தெரியும்ணே. இப்போ தெரியுது" என்றாள். "அந்த நேரத்துல அவர் டிரைவர் மாதிரிதான் இருந்தார். வண்டி கிளம்பப் போகுதுன்னுதான் தோணுச்சு."

"வண்டியும் இல்ல, கிண்டியும் இல்ல. உன் சோறு கிளம்பிப் போச்சு."

திட்டியதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் கோபப்படவில்லை. மேலாளருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. "ஆமா சார்... இல்ல சார், மாசக் கடைசிக்குள்ள தேர்வு கிடையாது... புரியுது சார்" என்று இவள் சொன்னது மட்டும் கேட்டது. போனை வைத்தாள். வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுக்கவில்லை.

பிறகு அடுத்த தேர்வுக்கான படிவம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பெயர், வயசு எல்லாம் கடகடவென எழுதினாள். 'தற்போதைய வேலை' என்ற இடத்தில் பேனா நின்றது.

"அதை விட்டுடும்மா, யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன்.

"மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, வேன் அனுப்பும் மேஜை என்று எழுதிக் கொடுத்தாள்.