எண்ணற்ற பெண்களும் பதினொரு பேரும்

சோமனூரில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் மதிவதனி எட்டு வருஷம் வாசகம் எழுதினாள். அங்கே எல்லாமே பெருசு. திறப்பு விழாவுக்கு ஏராளமானோர் திரள்வார்கள், தலைவருக்கு எண்ணற்ற தொண்டர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். கடை மூடியதும் கோயமுத்தூர் கலெக்டர் ஆபீஸ் எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்து, திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

மில் வேலைக்குப் போகும் சின்னத்தாயி வந்தது இரண்டாவது மாதத்தில். காலை ஆறு இருபது பஸ் அவர்கள் நிறுத்தத்தில் நிற்பதே இல்லையாம்.

“எக்கச்சக்கமான பேரு நிக்கறமுங்க அம்மணி. கையக் காட்டினாலும் போயிருதுங்க.”

மதிவதனி யோசிக்கவே இல்லை. ‘எண்ணற்ற பெண்கள் அவதியுறுகின்றனர்’ என்று அடித்துக் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதிகாரி அதே காலை நேரத்தில் வந்து பார்த்திருக்கிறார். நிறுத்தத்தில் இருந்தது பதினொரு பெண்கள். மனுவில் கூறியது உண்மைக்குப் புறம்பானது, மனு முடிக்கப்பட்டது.

சின்னத்தாயி அந்தக் காகிதத்தை நீட்டியபோது மதிவதனிக்கு முகம் சுண்டிப்போனது.

“தப்பு என்னுதுங்க. எண்ணவே முடியாதுன்னு எழுதிப்போட்டேன். அவரு எண்ணிட்டாரு.”

“அப்ப ‘சிலரு’ன்னு போட்டுருங்க கண்ணு, வம்பில்லாம.”

“சிலர்னா மூணு நாலு பேருன்னு நெனச்சு, ஆட்டோவுல போகட்டும்னு விட்டுருவாங்க. ‘நெறைய’ன்னு பேசறப்போ சொல்லலாமுங்க, மனுவுல நிக்காது. ‘ஏராளம்’ எழுத்துக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா நிறுத்தம் நெறஞ்சு வழியோணும்.”

“பதினொண்ணுன்னே எழுதிப்போடுங்களேன்.”

“தெனமும் அத்தனை பேருதானுங்களா?”

சின்னத்தாயி விரல் மடக்கினாள். ரெண்டு பேருக்கு வாரலீவு வந்தால் ஒன்பது. அதே மில்லில் வேலை பார்க்கும் பொற்கொடி கூட்டம் ஓவர்டைம் பார்த்தால் பதினாலு.

எண்ணை மட்டும் எழுதினால் நாளைக்கு அதுவும் பொய்யாகிவிடும். மதிவதனி புதிதாக அடித்தாள்: ‘பெண் தொழிலாளர்கள் பலர், நாளொன்றுக்கு ஒன்பது முதல் பதினான்கு பேர் வரை, இந்நிறுத்தத்தை நம்பியுள்ளனர். தங்கள் ஆய்வில் பதினொருவர் இருந்ததும் இதனை உறுதிப்படுத்துகிறது.’ கீழே பதினாலு பேரின் கையெழுத்துக்கும் கோடு போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

அடுத்த மாதம் சின்னத்தாயி போனில் கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல்.

“நிக்குதுங்க அம்மணி! உள்ளதான் உக்காந்திருக்கேன். சாயந்தர வண்டிதான் இன்னும் நிக்க மாட்டேங்குது.”

“திங்கக்கிழமை வாங்க, எழுதிரலாம்,” என்றாள் மதிவதனி. “அதுக்கு எத்தனை பேரு நிக்கறீங்கன்னு ஒரு வாரம் பாத்துக் குறிச்சுட்டு வாங்க.”